வரிதோறும் முழு ரூபாயா, கடைசியில் முழு ரூபாயா?

சங்கத்தின் கூலிப் பட்டியலைத் தணிக்கை செய்யும்போது அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. அங்கத்தினர் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே உள்ள பிடித்தத் தொகைகள் யாவும் சரியாகவே இருக்கின்றன. அடியில் உள்ள மொத்தக் கூலியும் சரி. அதற்குரிய பிடித்தமும் சரி. ஆயினும் பெயர்வாரித் தொகைகளைக் கூட்டினால் வருவது ஒன்று. மொத்தத்திலிருந்து கணக்கிட்டால் வருவது வேறொன்று. இரண்டு ரூபாய் எங்கே போயிற்று? எழுதியவர் தவறு செய்தாரா, அல்லது எடுத்துக்கொண்டாரா என்ற ஐயம் கிளம்புகிறது. பல சமயங்களில் இரண்டும் இல்லை. பைசாவை விட்டு முழு ரூபாயாக்கும் வேலையை எந்த இடத்தில் செய்தோம் என்பதே அந்த வேற்றுமைக்குக் காரணம். அது எவ்வாறு நேர்கிறது, எவ்வளவு வரை நேரலாம், எந்த இடத்தில் எந்த முறை நியாயம் என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

எட்டுப் பேர் பட்டியல்

எட்டு நெசவாளர்கள் உள்ள ஒரு சிறு பட்டியலை எடுத்துக்கொள்வோம். கூலியில் ரூபாய்க்கு 8 பைசா வீதம் சேமிப்பு நிதிக்குப் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாகக் கொள்வது, அதற்குக் குறைந்தால் விட்டுவிடுவது என்பது விதி.

| எண் | கூலி (ரூ.) | சரியான பிடித்தம் (ரூ.) | முழு ரூபாயில் |
|---|---|---|---|
| 1 | 2,455 | 196.40 | 196 |
| 2 | 2,730 | 218.40 | 218 |
| 3 | 1,890 | 151.20 | 151 |
| 4 | 3,120 | 249.60 | 250 |
| 5 | 2,205 | 176.40 | 176 |
| 6 | 2,590 | 207.20 | 207 |
| 7 | 2,855 | 228.40 | 228 |
| 8 | 2,315 | 185.20 | 185 |
| மொத்தம் | 20,160 | 1,612.80 | 1,611 |

கடைசிப் பத்தியைக் கூட்டினால் 1,611 ரூபாய். மொத்தக் கூலியாகிய 20,160 ரூபாய்க்கு நேராகப் பிடித்தம் போட்டால் 1,612 ரூபாய் 80 பைசா. அதை முழு ரூபாயாக்கினால் 1,613. வேற்றுமை 2 ரூபாய்.

இந்த இரண்டு ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். 1, 2, 5, 7 ஆகிய நான்கு வரிகளில் தலைக்கு 40 பைசா விடப்பட்டது; அது 1 ரூபாய் 60 பைசா. 3, 6, 8 ஆகிய மூன்று வரிகளில் தலைக்கு 20 பைசா விடப்பட்டது. அது 60 பைசா. ஆக விடப்பட்டது 2 ரூபாய் 20 பைசா. நான்காவது வரியில் மட்டும் 40 பைசா கூட்டப்பட்டது. கழித்தால் நிகரமாக விடப்பட்டது 1 ரூபாய் 80 பைசா. மறுபுறம், மொத்தத்தை முழுதாக்கியபோது 20 பைசா கூட்டப்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்ததே 2 ரூபாய். ஒரு பைசாவும் மாயமாய் மறையவில்லை. எங்கெங்கே விடப்பட்டதோ அங்கங்கே அது இருக்கிறது.

விளக்கம் இவ்வளவுதான். ஒவ்வொரு வரியையும் முழுதாக்கும்போது ஒவ்வொரு வரியிலும் ஒரு சிறு மிச்சமோ குறைவோ உண்டாகிறது. அவை தனித்தனியாக அற்பமானவை. ஆனால் கூட்டல் அவற்றையும் சேர்த்தே கூட்டுகிறது. கடைசியில் ஒரே முறை முழுதாக்கினால் உண்டாகும் மிச்சமும் ஒன்றே. அது எக்காலும் 50 பைசாவைத் தாண்டாது.

1957-இல் நாடு முழுவதும் கண்ட பாடம்

இது புதிய சங்கதியன்று. 1957 ஏப்ரல் 1-இல் நம் நாட்டில் தசம நாணயம் வந்தபோது கடைத்தெரு முழுவதும் இதைக் கண்டது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. 100-ஐ 16-ஆல் வகுத்தால் ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா வருகிறது. கால் பைசா நாணயம் இல்லையாகையால் முழுதாக்கியே தீரவேண்டும். ஓர் அணா 6 நயா பைசா என்றும், 2 அணா 12 என்றும், 3 அணா 19 என்றும், 4 அணா 25 என்றும் மாற்று அட்டவணை வகுக்கப்பட்டது. 2 அணாவுக்குச் சரியான மதிப்பு பன்னிரண்டரை. சரிபாதி வந்தால் அதை விட்டுவிடுவது என்பது அன்றைய விதியாதலால் 12 ஆயிற்று.

இப்போது ஓரணாப் பொருளைப் பதினாறு தடவை தனித்தனியாக வாங்கியவர் கொடுத்தது பதினாறு ஆறு 96 நயா பைசா. பதினாறையும் ஒன்றாய் வாங்கியவர் கொடுத்தது ஒரு ரூபாய், அதாவது 100. பொருள் ஒன்றே, விலை ஒன்றே, கணக்கை எங்கே முழுதாக்கினார் என்பது மட்டுமே வேறு. மூன்றணாப் பொருளில் இது தலைகீழாயிற்று. பதினாறு தடவை தனித்தனியே வாங்கினால் 16 × 19 = 304 நயா பைசா; ஒன்றாய் வாங்கினால் 48 அணா, அதாவது மூன்று ரூபாய். ஓரணாவில் விற்றவருக்கு நஷ்டம், மூன்றணாவில் வாங்கியவருக்கு நஷ்டம். நாலணாவில் ஒருவருக்கும் நஷ்டமில்லை.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை புலப்படும். நம் எட்டுப் பேர் பட்டியலில் கூடுதலும் குறைவும் கலந்து வந்தன. ஓரளவாவது ஒன்றையொன்று ஈடு செய்தன. ஓரணாவைப் பதினாறு தடவை மாற்றும்போது அந்த ஈடு இல்லை. ஒரே தொகை திரும்பத் திரும்ப வந்தால் ஒரே பிழையும் திரும்பத் திரும்ப, ஒரே பக்கமாக வரும்.

இன்றைய விற்பனை நிலையத்திலும் இதைக் காணலாம். துண்டு ஒன்றின் விலை 110 ரூபாய் 20 பைசா. மத்திய வரி இரண்டரை சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். வரி 2 ரூபாய் எழுபத்தைந்தரை பைசா. பைசா அளவில் முழுதாக்கினால் 2 ரூபாய் 76 பைசா. பத்துத் துண்டுகளைப் பத்து வரிகளில் எழுதினால் வரி 27 ரூபாய் 60 பைசா. ஒரே வரியில் பத்துத் துண்டு என்று எழுதினால் 27 ரூபாய் 55 பைசா. மாநில வரியும் அதே அளவாதலால் ரசீதில் 10 பைசா வேறுபடும். ஒரு ரசீதில் அது ஒன்றுமில்லை. ஆனால் மாத முடிவில் ரசீதுகளின் கூட்டலையும் மொத்த விற்பனைக்கான வரியையும் ஒப்பிடுகிறவர் அந்தப் பத்துப் பைசாக்களை ஒன்றாய்ச் சந்திப்பார்.

எவ்வளவு வேற்றுமை இயல்பானது?

தணிக்கை செய்வோருக்குப் பயன்படும் பகுதி இது. முழு ரூபாய் முறையில் ஒரு வரியில் நேரக்கூடிய பிழை 50 பைசாவுக்கு மேற்படாது. ஆகவே நூறு வரிகளில் 50 ரூபாய்க்கு மேல் வேற்றுமை வரவே முடியாது. ஆனால் அந்த எல்லையை அடைவதற்கு நூறு வரிகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒவ்வொன்றும் அரை ரூபாயை ஒட்டி நிற்க வேண்டும். தொகைகள் பலவிதமாக இருக்கும் பட்டியலில் அப்படி நேருவதில்லை. கூடுதலும் குறைவும் கலந்து, பெரும்பகுதி தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன.

அழிந்தது போக எஞ்சுவது எவ்வளவு? பைசாக்கள் ஒழுங்கின்றிக் கலந்து வரும் பட்டியலில், ஒரு வரியின் பிழைக்குரிய திட்டவிலக்கத்தைச் சுமார் 29 பைசா என்று கணித அறிஞர் கணக்கிடுவர். வரிகளின் எண்ணிக்கை பெருகும்போது மொத்தப் பிழை அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போலவே பெருகும். நூறின் வர்க்கமூலம் 10. ஆகவே நூறு வரிகளுக்கு இயல்பான வேற்றுமை சுமார் 2 ரூபாய் 90 பைசா. நானூறு வரிகளுக்கு அது நான்கு மடங்காகாது. இரண்டு மடங்காகி 5 ரூபாய் 80 பைசாவாகும். இந்த அளவைப் போல் இரு மடங்கைத் தாண்டுவது இருபதில் ஒரு தடவைதான் நேரும்.

நம் எட்டு வரிக்கு இந்த முறையில் இயல்பான அளவு சுமார் 80 பைசா. 1 ரூபாய் 80 பைசா வந்தது சற்று மிகுதியே. எட்டில் ஏழு வரிகள் அம்மாதம் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன. மறு மாதம் எதிர்ப்பக்கம் சாயலாம். ஆனால் நூறு பேர் பட்டியலில் 12 ரூபாய் வித்தியாசம் கண்டால் அதை முழுதாக்கலின் தலையில் சுமத்தி விட்டுவிடக் கூடாது. ஒரு பெயர் விடுபட்டிருக்கலாம், ஓர் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், அல்லது பிழைகள் யாவும் ஒரு பக்கமாகச் சாயும்படி விதியே அமைந்திருக்கலாம். முதல் இரண்டும் எழுத்துப் பிழை. மூன்றாவதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கமாகச் சாயும் விதி

பருத்தி கொண்டுவரும் விவசாய அங்கத்தினரின் நிறுவைச் சீட்டை நினைத்துப் பார்ப்போம். தராசு நூறு கிராம் வரை காட்டுகிறது. சீட்டிலோ கிலோவுக்குக் கீழ்ப்பட்டதை விட்டு எழுதுவது வழக்கம் என்று வைத்துக்கொள்வோம். விடப்படுவது ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். 900 கிராமாகவும் இருக்கலாம். சராசரி 450 கிராம். கூடுதல் என்பதே இங்கு இல்லை. எல்லா வரியிலும் குறைவே. ஆகவே ஒன்றையொன்று ஈடு செய்ய ஏதுமில்லை. அறுபது மூட்டைக்குச் சுமார் 27 கிலோ கிடங்கில் கூடுதலாக நிற்கும். கிலோ 70 ரூபாய் என்றால் அது 1,890 ரூபாய். அது விளைவித்தவரின் பொருள். ஆனால் எந்தச் சீட்டிலும் அது இல்லை. ஏட்டில் இல்லாத சரக்கு கிடங்கில் இருப்பது சங்கத்திற்கு நல்லதன்று என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதே மூட்டைகளை 500 கிராமும் அதற்கு மேலும் ஒரு கிலோ, குறைந்தால் விடுவது என்ற விதிப்படி எழுதினால் அறுபது மூட்டைக்கு எதிர்பார்க்கும் வேற்றுமை 3 கிலோவாகச் சுருங்குகிறது. அதுவும் இம்முறை விளைவித்தவருக்குச் சாதகமாக. அந்த 3 கிலோ ஏன் மிஞ்சுகிறது? 100 முதல் 400 கிராம் வரை விடுவதும், 600 முதல் 900 வரை கூட்டுவதும் ஒன்றுக்கொன்று சரியாகப் போகின்றன. சரியாக நடுவில் நிற்கும் 500-க்கு மட்டும் இணை இல்லை. அது எப்போதும் மேலே போகிறது.

பாதியில் நிற்கும் தொகை எப்பக்கம் போகிறது என்பது இவ்வளவு முக்கியமானது. 1957-இன் அட்டவணையில் பாதி கீழே போயிற்று. ஆகவே ஓரணா முதல் பதினாறு அணா வரை அட்டவணையிலுள்ள பதினாறு மதிப்புகளையும் கூட்டினால் 850-க்குப் பதிலாக 848 நயா பைசாவே வரும். 2017-ஆம் ஆண்டின் சரக்கு சேவை வரிச் சட்டம் 170-ஆவது பிரிவில் பாதியை மேலே கொண்டுபோகிறது: 50 பைசாவும் அதற்கு மேலும் ஒரு ரூபாய், குறைந்தால் விடுவது. பத்தின் மடங்கான தொகைகளுக்கு இரண்டரை சதவிகிதம் போட்டால் மிச்சம் 0, 25, 50, 75 பைசா என்ற நான்கில் ஒன்றாகவே வரும். 25 விடப்படுவதும் 75 கூட்டப்படுவதும் சரியாகிவிடும். 50 மட்டும் மேலே போகும். வரிதோறும் இதைச் செய்தால் வரி ஒன்றுக்குச் சராசரி பன்னிரண்டரை பைசா ஏறும். நூறு வரிக்குப் பன்னிரண்டரை ரூபாய். அதே நூறு வரியைக் கூட்டிய பின் ஒரே முறை முழுதாக்கினால் ஏறுவது மிகுந்தால் 50 பைசா.

எட்டுப் பேர் பட்டியலில் இந்தச் சாய்வு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூலிகள் ஐந்து ரூபாயின் மடங்காக இருந்தன. ஐந்து ரூபாய்க்கு எட்டு சதவிகிதம் 40 பைசா. ஆகவே மிச்சம் 0, 20, 40, 60, 80 என்ற ஐந்தில் ஒன்றே. பாதியான 50 வருவதே இல்லை. 20-க்கு 80-உம், 40-க்கு 60-உம் இணையாகின்றன. நாளடைவில் அங்கே யாருக்கும் ஒருபக்க நஷ்டம் இராது. ஒரு விதி சாயுமா சாயாதா என்பதை அறிய, வரக்கூடிய மிச்சங்களை இப்படி வரிசையாக எழுதி இணை சேர்த்துப் பார்த்தாலே போதும்.

எங்கே எதைச் செய்வது?

இரண்டு முறைகளில் எது சரி என்று கேட்டால், பணம் எங்கே கை மாறுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதே விடை.

கூலிப் பட்டியலில் ஒவ்வொரு வரியும் ஒருவருக்குக் கொடுக்கும் பணம், அல்லது ஒருவரிடம் பிடிக்கும் பணம். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் செல்லாதவையாகிவிட்டன. ஆகவே ரொக்கக் கணக்கில் 40 பைசாவைக் கொடுக்கவோ வாங்கவோ வழியில்லை. அங்கே வரிதோறும் முழுதாக்கித்தான் ஆகவேண்டும். அப்படிச் செய்த பிறகு மொத்தம் என்பது அந்த முழுத் தொகைகளின் கூட்டலே. எட்டுப் பேரிடம் பிடித்தது 1,611 ரூபாய் என்றால் பேரேட்டிலும் 1,611 தான் ஏறவேண்டும். மொத்தக் கூலிக்கு மறுபடியும் சதவிகிதம் போட்டு 1,613 என்று எழுதினால், யாரிடமும் பிடிக்காத இரண்டு ரூபாயைப் பிடித்ததாக எழுதியதாகும்.

மாறாக, நூல் வாங்கிய பட்டியலிலோ விற்பனை ரசீதிலோ பல வரிகள் இருந்தாலும் கை மாறுவது ஒரே தொகை. அங்கே வரிகள் கணக்கின் படிகளேயன்றிப் பணமன்று. படிகளில் பைசாவை அப்படியே வைத்துக்கொண்டு கடைசியில் ஒரு தடவை முழுதாக்க வேண்டும். அதனால் கூடியதோ குறைந்ததோ எவ்வளவு என்பதை ஒரு வரியில் எழுதி, அதற்கென உள்ள தலைப்பில் பேரேட்டில் ஏற்ற வேண்டும்.

தொல்லை விளைவது இரண்டையும் கலக்கும்போது. கணிப்பொறி அட்டவணையில் இக்கலப்பு நம்மையறியாமலே நேருகிறது. கட்டத்தைப் பைசா காட்டாதபடி அமைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரிவது 196, 218, 151. ஆனால் உள்ளே இருப்பது 196.40, 218.40, 151.20. கூட்டல் கட்டம் உள்ளே இருப்பதையே கூட்டி 1,613 என்று காட்டும். தாளில் அச்சிட்டு விரல்விட்டுக் கூட்டியவருக்கு 1,611 வரும். காட்சியை மட்டும் மாற்றாமல் தொகையையே முழுதாக்க வேண்டுமானால், கூலி B பத்தியில் இருக்கையில், வரிதோறும் பின்வருமாறு எழுத வேண்டும்:

```
=ROUND(B2*0.08,0)
```

அதன் பிறகு `SUM` தரும் கூட்டலும் விரல்விட்டுக் கூட்டியதும் ஒன்றாகவே இருக்கும்.

அங்கத்தினரின் நாற்பது பைசா

சங்கத்தின் கூட்டலில் கூடுதலும் குறைவும் ஈடாகலாம். தனி அங்கத்தினர் கணக்கில் ஈடாகாமலும் போகலாம். முதல் அங்கத்தினர் மாதந்தோறும் 2,455 ரூபாயே கூலி பெற்றால், ஒவ்வொரு மாதமும் அவர் சேமிப்பில் 40 பைசா குறையும். ஆண்டுக்குச் சேரவேண்டியது 2,356 ரூபாய் 80 பைசா, சேர்ந்தது 2,352. பக்கத்துத் தறிக்காரர் நான்காவது வரிக்காரராக இருந்தால் அவரிடம் அதே அளவு கூடுதலாகப் பிடிக்கப்பட்டிருக்கும். மொத்தம் சரியாயிற்று என்பது இவ்விருவருக்கும் ஆறுதலாகாது.

இதற்கு எளிய பரிகாரம் உண்டு. ஒவ்வொருவர் பெயரிலும் விட்ட அல்லது கூட்டிய பைசாவை ஒரு பத்தியில் எழுதி மறு மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் மாதம் 196 பிடித்து 40 பைசா நிலுவை. இரண்டாம் மாதம் 196.40 உடன் அந்த 40 பைசா சேர்ந்து 196.80, ஆகவே 197 பிடித்து, 20 பைசா முன்னதாக வந்ததாக எழுதுவோம். மூன்றாம் மாதம் அதைக் கழித்து 196.20, ஆகவே 196 பிடித்து 20 பைசா நிலுவை. மூன்று மாதத்தில் பிடித்தது 589 ரூபாய். பிடிக்க வேண்டியது 589 ரூபாய் 20 பைசா. நிலுவையைக் கவனியாது விட்டிருந்தால் 588 தான் வந்திருக்கும். இம்முறையில் எத்தனை ஆண்டுகள் சென்றாலும் எந்த அங்கத்தினர் கணக்கும் சரியான தொகையினின்று 50 பைசாவுக்கு மேல் விலகாது. பட்டியலில் ஒரு பத்தி கூடுவதொன்றே செலவு.

பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கப்படும்போது அங்கத்தினர்கள் மூன்று வினாக்களைக் கேட்கலாம். எந்த வரியில் முழுதாக்கினீர்கள்? பாதியில் நிற்பது எப்பக்கம் போகிறது? விட்ட பைசா எந்தத் தலைப்பில் ஏறியிருக்கிறது? மூன்றுக்கும் ஏட்டில் விடை இருக்குமானால், இரண்டு ரூபாய் வேற்றுமை பற்றி ஒருவரையொருவர் ஐயுற வேண்டியதில்லை. விடை இல்லையானால், அந்த இரண்டு ரூபாயை விளக்க முடியாத சங்கம் இருநூறு ரூபாயையும் விளக்க முடியாது.